எழுத்துத் தேர்வுக்கு சி மொழிக் குறிப்புகளைச் சுருக்குதல்: கேள்வி பதில்

கேள்வி: என் குறிப்பேடு முழுவதும் தொடரியல் விதிகளாகவே இருக்கிறது. எப்படிச் சுருக்குவது?

பதில்: விதிகளை அப்படியே நகலெடுத்தால் பக்கம்தான் நிறையும். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு சிறு நிரலை எழுதி, அதன் ட்ரேஸ் அட்டவணையையும் அதில் வழக்கமாக வரும் பிழையையும் கீழேயே சேர்த்துவிடுங்கள். `for` மடக்குக்கு இது போதும்:

```c
int i, s = 0;
for (i = 1; i <= 5; i = i + 2)
    s = s + i;
printf("%d %d", i, s);
```

| i | i <= 5 | s |
|---|---|---|
| | | 0 |
| 1 | மெய் | 1 |
| 3 | மெய் | 4 |
| 5 | மெய் | 9 |
| 7 | பொய் | |

தொடக்க மதிப்பு ஒரே முறை இடப்படுகிறது, அதன்பின் சோதனை, உடல், கூட்டல், மறுபடி சோதனை என்று வேலை நடக்கிறது என்பதை வரிசைகளே காட்டிவிடுவதால், அதைத் தனியே எழுதிவைக்க வேண்டியதில்லை.

கேள்வி: மடக்கு 5 வரைதானே ஓடுகிறது? நான் `5 9` என்று எழுதினேன், மதிப்பெண் குறைந்துவிட்டது. பைத்தானில் ஓட்டிப் பார்த்தாலும் `i` 5 என்றுதான் வருகிறது.

பதில்: பைத்தானில் நீங்கள் கண்டது சரியே. `range(1, 6, 2)` தருவது 1, 3, 5 ஆகிய மதிப்புகளை மட்டுமே என்பதால், அங்கே `i` ஒருபோதும் 7 ஆவதில்லை. சி மொழியிலோ நிபந்தனை பொய்யானால்தான் இந்த மடக்கு முடியும். அது பொய்யாவதற்கு `i` 7 ஆகியே தீர வேண்டும். ஆகவே விடை `7 9`. உங்கள் `s` சரியாக இருப்பதைப் பார்த்தால், அட்டவணையின் கடைசி வரிசையை மட்டும் விட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. பலரும் அதைத்தான் விடுகிறார்கள்.

கேள்வி: பிழைகளில் முக்கியமானது அரைப்புள்ளி விடுபடுவதுதான். ஒவ்வொரு வரியின் முடிவிலும் போட்டுவிட்டால் பாதுகாப்புதானே?

பதில்: பாதிதான் சரி. விடுபட்ட அரைப்புள்ளியைக் கம்பைலரே பிடித்துவிடும். ஆனால் மேலேயுள்ள நிரலில் `for` வரியின் முடிவிலும் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்:

```c
for (i = 1; i <= 5; i = i + 2);
    s = s + i;
```

இது தொடரியல்படி பிழையே அல்ல. அந்த அரைப்புள்ளியே மடக்கின் உடலாகிவிடுவதால், `i` 7 ஆகும்வரை மடக்கு வெறுமனே சுற்றுகிறது; அடுத்த வரி ஒரே முறை இயங்கி, `s` 0 + 7 = 7 ஆகிறது. விடை `7 7`. உள்தள்ளி எழுதியிருப்பது கண்ணைத்தான் ஏமாற்றுமே தவிர, கம்பைலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ‘வெளியீடு என்ன’ என்ற வினாவில் `for`, `while` வரிகளின் முடிவை முதலில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மதிப்பு மாறாத கட்டத்தைக் காலியாக விடலாமா? எங்கள் ஆசிரியர் அதை ஏற்பதில்லை.

பதில்: மாறும்போது மட்டும் எழுதுவதே எனக்குத் தெளிவாகப் படுகிறது, ஆனால் இதில் பொதுவான விதி கிடையாது. திருத்துபவர் எல்லாக் கட்டங்களையும் நிரப்பச் சொன்னால் பழைய மதிப்பையே திரும்ப எழுதுங்கள். மேலேயுள்ள அட்டவணையின் கடைசி வரிசையில் `s`க்கு 9 வரும்.