புதுச் சட்டியைப் பழக்குவது: விரிசலும் வராமல், மண்வாடையும் இல்லாமல்

கேள்வி: அக்கா, போன மாதம் தெருவில் வந்த வண்டியில் வாங்கிய மண்சட்டி முதல் நாளே கேஸ் அடுப்பில் டப்பென்று விரிசல் விட்டுவிட்டது. இப்போது மானாமதுரைப் பக்கம் போனபோது 3 லிட்டர் மீன்சட்டி ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காலையில் ஒரு தடவை கஞ்சி கொதிக்கவைத்தேன். இன்னும் மண்வாடை போகவில்லை. இதையும் உடைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் செய்த இரண்டும் சரியான வேலைகள்தான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் சட்டியைக் காயவிடவில்லை. விரிசலும் மண்வாடையும் தனித்தனிப் பிரச்சினை மாதிரித் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், சட்டியின் சுவரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள்.

சூளையில் வெந்த சாதாரண மண்சட்டி பீங்கான் மாதிரி உருகி இறுகிய பொருள் இல்லை, கல்லாகிவிட்ட பஞ்சு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரைக் கிலோ எடையுள்ள சட்டி ஒரு ராத்திரி ஊறினால் 150 கிராம் தண்ணீரைக்கூடக் குடித்துவிடும். சமையலறைத் தராசு இருந்தால் ஊறவைக்கும் முன்பும் பின்பும் நிறுத்துப் பாருங்கள், நம்பவே முடியாது. அந்த ஈரத்தோடு சட்டியைப் பெரிய தீயில் வைத்தால் துளைக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகும். ஆவியானால் அதற்கு ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் வேண்டும். மெதுவாகச் சூடானால் அது துளைகள் வழியே வெளியேறிவிடும், அவசரப்படுத்தினால் வெளியேற வழியில்லாமல் சுவரை நெம்பும். இதோடு கேஸ் அடுப்பின் இயல்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விறகடுப்பில் தீ சட்டியின் அடி முழுவதையும் தழுவி மேலே ஏறும், பர்னரிலோ தீ ஒரு வளையமாக ஒரே இடத்தைச் சுடும். சுட்ட இடம் விரியும், பக்கத்தில் குளிர்ந்திருக்கும் இடம் விரியாது, இரண்டுக்கும் இடையில் இழுபறி வந்து கோடு விழும். உங்கள் முதல் சட்டிக்கு இந்த இரண்டில் ஒன்றோ இரண்டும் சேர்ந்தோதான் நடந்திருக்கும்.

வாடையும் அதே துளைகளிலிருந்துதான் வருகிறது. சுட்ட மண் நனைந்தால் மணக்கும். உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்ற ஊரில் சுட்ட மண் துண்டுகளைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்த ஆவியைப் பிடித்து அத்தரே எடுக்கிறார்கள். அவ்வளவு மணம் மண்ணுக்குள் இருக்கிறது. மழை நாளில் அது சுகம், மீன்குழம்பில் இல்லை. குழம்பு துளைக்குள் போய் வந்துகொண்டிருக்கும் வரை அந்த மணமும் தூசும் குழம்பில் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் துளைகளில் இருக்கும் தூசை வெளியேற்றி, பிறகு அவற்றை மாவுச்சத்தால் அடைக்க வேண்டும். சட்டியைப் பழக்குவது என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான்.

இப்போது உங்கள் சட்டிக்கு வருவோம். முதலில் விரலை மடக்கிச் சட்டியின் வயிற்றில் தட்டுங்கள். ணங்கென்று ஒலித்தால் நன்றாக வெந்த, விரிசல் இல்லாத சட்டி. கரகரவென்றோ தொப்பென்றோ கேட்டால் எங்கோ மயிரிழைக் கோடு இருக்கலாம், அல்லது சரியாக வேகாமல் இருக்கலாம். சட்டி இன்னும் ஈரமாக இருந்தாலும் ஒலி மந்தமாகத்தான் வரும் என்பதால் காய்ந்த பிறகு இன்னொரு முறை தட்டிப் பாருங்கள். அப்புறம் ஈரத்துணியால் உள்ளே அழுத்தித் துடைத்துப் பாருங்கள். முதல் துடைப்பில் கொஞ்சம் செம்மண் தூசு வருவது இயல்பு. எத்தனை முறை துடைத்தாலும் துணியில் சாயம் ஒட்டிக்கொண்டே இருந்தாலோ, பெயின்ட் மாதிரி மினுமினுத்தாலோ அந்தச் சட்டியில் சமைக்காதீர்கள். பூச்சில் என்ன கலந்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது.

இந்தச் சோதனையில் தேறிவிட்டால் ஊறவைப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவிவிட்டு, சட்டி முழுவதும் முங்கும்படி பெரிய பாத்திரத்திலோ வாளியிலோ 24 மணி நேரம் போட்டுவையுங்கள். நடுவில் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் எதுவும் வேண்டாம், இன்றைக்கு மட்டுமில்லை, என்றைக்குமே வேண்டாம். துளைகள் சோப்பையும் குடிக்கும், அடுத்த ரசத்தில் அதைத் திருப்பித் தரும். ஊறவைப்பதால் சட்டி பலமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அது அப்படியில்லை. ஊறல் தூசையும் மண்ணிலிருக்கும் உப்பையும் வெளியே எடுக்கிறது, அதன் வேலை அவ்வளவுதான்.

அடுத்ததுதான் நீங்கள் விட்டுவிட்ட இடம். ஊறிய சட்டியை இரண்டு குச்சியின் மேல் கவிழ்த்து, காற்றோட்டமான நிழலில் ஒரு முழு நாள் வையுங்கள். அடியிலும் காற்று போக வேண்டும். ஈரமாக இருக்கும்போது சட்டி கருஞ்சிவப்பாக இருக்கும், காய்ந்ததும் வாங்கியபோது இருந்த வெளிர் நிறத்துக்குத் திரும்பிவிடும், அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கழுத்து மடிப்பும் அடிப்பாகமும்தான் கடைசியில் காயும். இதில் விரிசல் பயத்தையும் தாண்டி இன்னொரு காரணம் இருக்கிறது: துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தால் கஞ்சி எங்கே போகும்? காய்ந்த சட்டிதான் கஞ்சியைக் குடிக்கும். உங்கள் சட்டியில் கஞ்சி காய்ச்சியும் வாடை போகாததற்கு இதுதான் பெரிய காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

காய்ந்த சட்டியில் முக்கால் பாகம், அதாவது இரண்டேகால் லிட்டர் அளவுக்கு, வடிகஞ்சி ஊற்றுங்கள். குக்கர் சோறு பழகிய வீட்டில் வடிகஞ்சி கிடைக்காது, அப்போது அரிசி கழுவிய முதல் இரண்டு தண்ணீரைச் சேர்த்து வைத்து, அதில் ஒரு கைப்பிடி பச்சரிசி நொய்யைப் போட்டுக்கொள்ளலாம். கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றினாலும் நன்றாக அடைக்கும், ஆனால் சட்டி கொஞ்சம் கறுக்கும். கஞ்சி ஆறியிருக்க வேண்டும், சூடாக ஊற்றக் கூடாது. முதல் 10 நிமிடம் சின்ன பர்னரில் மிகக் குறைந்த தீ. சட்டியின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் எல்லா இடமும் சீராக வெதுவெதுப்பாகும் வரை கூட்டாதீர்கள். பிறகு நடுத்தரத் தீக்கு வந்து, கொதி வந்ததும் மறுபடி குறைத்து அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். முழுத் தீ எந்தக் கட்டத்திலும் தேவையில்லை.

அடி தட்டையான சட்டி என்றால் அடியில் பழைய இரும்புத் தோசைக்கல்லைப் போட்டு அதன்மேல் சட்டியை வைப்பது எனக்குப் பிடித்த வழி. தீ வளையமாகச் சுடுவதைக் கல் வாங்கிப் பரப்பிவிடும். கேஸ் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், பரவாயில்லை. உருண்டை அடி என்றால் கல் சரிவராது, ஆடாமல் நிற்க இரும்பு வளையம் வைத்துத் தீயை இன்னும் குறைவாக வையுங்கள்.

அடுப்பை அணைத்ததும் கஞ்சியைக் கொட்டிவிடாதீர்கள். சட்டியை அடுப்பிலேயே விட்டு ஆறவிடுங்கள், ராத்திரி முழுவதும் இருக்கட்டும். கொதிக்கும்போது மாவுச்சத்து கரைந்து ஊதித் துளைகளுக்குள் போகும், ஆறும்போது அங்கேயே கட்டியாகி உட்காரும். சூட்டோடு கொட்டிவிட்டால் பாதி வேலை வீண். காலையில் கொட்டி, வெறும் தண்ணீரில் அலசி, மாலை வரை காயவைத்து மறுபடி புதுக் கஞ்சி. இப்படி மூன்று முறை. முதல் கஞ்சியின்போது சட்டியின் வெளிப்பக்கம் வியர்த்த மாதிரி ஈரம் கசியும், பயப்பட வேண்டாம். மூன்றாவது முறை அந்த வியர்வை அநேகமாக நின்றிருக்கும், அதுதான் துளைகள் அடைபட்டதற்கு அடையாளம். நிற்காவிட்டால் நான்காவது முறையும் செய்யுங்கள். வியர்வையாக இல்லாமல் ஒரே இடத்தில் சொட்டினால் அங்கே கோடு இருக்கிறது. தட்டிப் பார்த்து ஒலியும் கெட்டிருந்தால் அந்தச் சட்டியை அடுப்பில் ஏற்றாதீர்கள், செடி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று கஞ்சியும் முடிந்து ஒரு நாள் காய்ந்ததும் எண்ணெய். உள்பக்கமும் விளிம்பும் நனையும்படி நல்லெண்ணெய் தடவி ஒரு நாள் வெயிலில் வையுங்கள். மூன்று தேக்கரண்டி போதும். தயிருக்கோ குடிதண்ணீருக்கோ வாங்கிய பானைக்கு எண்ணெய் தடவாதீர்கள், சிக்கு வாடை பிடித்துவிடும், தண்ணீரும் குளிராது. மறுநாள் சட்டியில் இன்னும் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, மிகக் குறைந்த தீயில் நறுக்கிய வெங்காயமும் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலும் போட்டுச் சிவக்க வதக்கிக் கொட்டிவிடுங்கள். அதைச் சாப்பிட வேண்டாம், கடைசியாக ஒட்டியிருக்கும் தூசும் வாடையும் அதில் ஏறியிருக்கும்.

வாடை போய்விட்டதா என்பதை மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், காலிச் சட்டி எப்போதும் கொஞ்சம் மணக்கத்தான் செய்யும். ஒரு டம்ளர் தண்ணீரை அதில் 10 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவைத்துக் குடித்துப் பாருங்கள். நாக்கில் மண் தெரிந்தால் இன்னொரு கஞ்சி, தெரியாவிட்டால் சட்டி தயார். ஆனால் மீன்குழம்பை முதல் நாளே வைத்துவிடாதீர்கள். இரண்டு முறை பருப்போ கூட்டோ செய்யுங்கள், துளைகளில் இன்னும் கொஞ்சம் மாவும் எண்ணெயும் ஏறட்டும். புளியும் மீனும் முதலிலேயே உள்ளே போய்விட்டால் அப்புறம் அந்தச் சட்டி மீனுக்கு மட்டும்தான். உங்களுக்கு அதற்கென்றே வேண்டுமென்றால் சரி.

சமைக்கத் தொடங்கிய பிறகும் சூட்டு வித்தியாசம்தான் எதிரி. தாளிப்புக்கென்று காலிச் சட்டியைக் காயவைக்காதீர்கள், எண்ணெயை ஊற்றிவிட்டே அடுப்பைப் பற்றவையுங்கள். குழம்பு கெட்டியாகிவிட்டால் வெந்நீர் ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம். இறக்கும்போது பிரிமணையிலோ மடித்த துணியிலோ வையுங்கள். ஐந்து வருடம் உழைத்த கறிச்சட்டி ஒன்றை நான் அடுப்பில் இழக்கவில்லை, ஈரமாக இருந்த கிரானைட் மேடையில் சூட்டோடு இறக்கி வைத்ததில் இழந்தேன், அடி வட்டமாகக் கழன்று வந்துவிட்டது.

கழுவிய சட்டியை உடனே மூடி அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அதைப் பார்த்துச் சட்டி கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். வெளிப்பக்கம் வெள்ளையாகப் பொடி பூத்து, வாடை எதுவும் இல்லாமல், ஈரத்துணியில் கரைந்து போனால் அது மண்ணின் உப்பு, துடைத்தால் போதும். பஞ்சு மாதிரி இருந்து புழுங்கல் வாடை அடித்தால் பூஞ்சை. அப்போது நாரால் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி 20 நிமிடம் கொதிக்கவைத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஒரே ஒரு முறை கஞ்சி காய்ச்சினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.