மூன்று கதவுப் போட்டி: ஏன் மாறுவது நல்லது?

"காரைக்குடியில் எங்கள் பொங்கல் விழாவில் மூன்று கதவு வைத்தார்கள். ஒன்றின் பின்னால் கண்டாங்கிச் சேலை, மற்ற இரண்டும் காலி. நான் 1ஆம் கதவைச் சொன்னேன். நடத்தியவர் காலியான 3ஆம் கதவைத் திறந்து, 'மாற்றிக்கொள்கிறீர்களா?' என்றார். மிச்சம் இரண்டு கதவு, பாதிக்குப் பாதிதானே?"

இல்லை. மாறினால் 2/3, நின்றால் 1/3. சேலை எங்கே என்று நடத்துபவருக்குத் தெரியும், நீங்கள் சொல்லாத காலிக் கதவு ஒன்றை அவர் கட்டாயம் திறப்பார் என்பதால் வரும் கணக்கு இது.

எண்ணிப் பார்த்துவிடலாம். 300 பேர் ஆடுகிறார்கள், எல்லோரும் 1ஆம் கதவையே சொல்கிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் சேலை 100 முறை இருக்கும். அது 1இல் இருந்தால் அவர் 2, 3 எதையும் திறக்கலாம். நாணயம் சுண்டிப் பார்த்துத் திறந்தால் 3ஐ 50 முறை திறப்பார். 2இல் இருந்தால் அவருக்கு வேறு வழியே இல்லை, 100 முறையும் 3தான். 3இல் இருந்தால் அதைத் தொடவே மாட்டார். ஆக 3ஆம் கதவு திறந்தது 150 முறை. அதில் 100 முறை சேலை 2இல். நிபந்தனை நிகழ்தகவு என்பது இதுதான்: நடந்துவிட்ட 150ஐ மட்டும் எடுத்து, அதற்குள் எண்ணுவது. 100/150 = 2/3.

சரி, நடத்துபவருக்கே இடம் தெரியாமல், குருட்டாம்போக்கில் திறந்திருந்தால்? 2இல் சேலை உள்ள 100இலும் 3ஐ 50 முறைதான் திறப்பார். அப்போது 3 காலியாக இருந்த முறைகளை மட்டும் எண்ணினால் 50க்கு 50, நீங்கள் சொன்ன பாதிக்குப் பாதி சரி. அதனால் கதவைச் சொல்லும் முன்பே விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.