காசைக் கொட்டினாலும் குலுங்கும் படங்கள்

கேள்வி: அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பழைய போட்டோக்களை வைத்து பிரீமியர் புரோவில் வீடியோ செய்கிறேன். ஜூம் வெடுக்கென்று கிளம்பி வெடுக்கென்று நிற்கிறது. 'ஸ்மூத் ஜூம்' பிரீசெட் தொகுப்பு 2,400 ரூபாய். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நான் வாங்கி ஏமாந்தவன். 300 பிரீசெட் என்றார்கள். திறந்து பார்த்தால் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் இரண்டே கீஃபிரேம், அவற்றில் வேகத்தை மெல்லக் கூட்டிக் குறைக்கும் Ease. மீதியெல்லாம் அதையே இடம், வலம், மேல், கீழ் என்று திருப்பிப் போட்டது. மென்பொருளிலேயே இருப்பதைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள், நாமும் வரிசையில் நின்று வாங்குகிறோம்.

நீங்களே செய்யலாம். Effect Controls-இல் Scale-க்கு முதல் கீஃபிரேம் 100, 6 விநாடி கழித்து 108. முதலாவதை ரைட் கிளிக் செய்து Ease Out, கடைசியில் Ease In. பெயர் தலைகீழாகத் தோன்றும். புள்ளியை விட்டுக் கிளம்புவது Out, வந்து சேர்வது In. Position-க்கு இதே தேர்வு Temporal Interpolation என்பதற்குள் இருக்கும்.

அப்புறம், ஒரு போட்டோ மங்கி அடுத்தது வரும் இடத்தைக் கவனியுங்கள். டிஸால்வ் தொடங்கும் இடத்திலேயே கடைசிக் கீஃபிரேமை வைத்தால், மங்கும்போது படம் அப்படியே நின்றுவிடும். Ease போட்டும் 'நிற்கிறதே' என்று தோன்றுவது இதனால்தான். கீஃபிரேமை டிஸால்வ் முடியும் இடத்துக்கு நகர்த்துங்கள். அசைவு அடங்குவதற்குள் அடுத்த படம் வந்துவிடும்.

கேள்வி: எடிட்டிங்கில் ஓட்டிப் பார்த்தால் விட்டு விட்டு ஓடுகிறது. புது லேப்டாப் வாங்கவா?

பதில்: எக்ஸ்போர்ட் செய்து பார்த்தீர்களா? அதில் சரியாக ஓடினால் பர்ஸை மூடுங்கள்.

கேள்வி: Ease போட்டாச்சு. படத்தை மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்தும் பேன் மட்டும் நடுவில் துடிக்கிறது. ஆப் 'பிரீமியம்' எடுத்தால் சரியாகுமா?

பதில்: சந்தா கட்டுமுன் கணக்குப் போடுங்கள். 6 விநாடி, விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 150 ஃபிரேம். அதில் படம் 30 பிக்சல்தான் நகர்கிறது என்றால், சராசரியாக ஐந்து ஃபிரேமுக்கு ஒரு பிக்சல். சில ஆப்கள் முழுப் பிக்சலாக மட்டுமே நகர்த்தும். நான்கு ஃபிரேம் சும்மா நின்று ஐந்தாவதில் குதிக்கும். நேரத்தைக் குறையுங்கள், இல்லை தூரத்தைக் கூட்டுங்கள். 4கே-யில் செய்து ஹெச்டி-யாகச் சுருக்கினாலும் குதிப்பு பாதியாகும். இலவசமாகவே சோதிக்கலாம், சோதிக்காமல் ஏன் காசு கட்டுகிறீர்கள்?

கேள்வி: ஸ்டூடியோவில் 40 போட்டோ ஸ்கேன் செய்ய 1,200 ரூபாய் கொடுத்தேன். பாட்டி முகத்துக்கு ஜூம் போனால் கட்டம் கட்டமாக உடைகிறது.

பதில்: பாவம், உங்கள் மேல் தப்பே இல்லை. ஃபைல் அளவைப் பாருங்கள். 6x4 அங்குலப் போட்டோவை 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியாக எடுத்தால் 3600x2400 பிக்சல் வரும். அதில் பாதி அகலம் வரை போனாலும் ஹெச்டி திரைக்குக் கிட்டத்தட்ட போதும். 600x400 என்று இருந்தால் 100 டிபிஐ-யில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். பில்லோடு போய் மறு ஸ்கேன் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், பென் டிரைவில் வாங்குங்கள்.