முட்டையை நிறுத்தியும் குறையாத ட்ரைகிளிசரைடு

கேள்வி: எனக்கு வயது 46, எடை 76 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 98 செ.மீ. பெங்களூரில் ஐ.டி. வேலை. மொத்தக் கொலஸ்ட்ரால் 228, எல்டிஎல் 142, எச்டிஎல் 36, ட்ரைகிளிசரைடு 250. இரண்டு மாதமாக தினமும் நடக்கிறேன், வாரம் மூன்று நாள் டம்பெல் தூக்குகிறேன். முட்டை மஞ்சள் கரு, நெய், தேங்காய் எல்லாம் நிறுத்திவிட்டேன். காலையில் நாலு இட்லி, மதியம் சாதம், சாயங்காலம் டீ பிஸ்கட், ராத்திரி ஒன்பதரைக்கு மறுபடி சாதம். வயிறு குறையவே இல்லை. இன்னும் எதை நிறுத்த வேண்டும்?

பதில்: உங்கள் அறிக்கையில் முதலில் கண்ணில் படுவது கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் அல்ல, ட்ரைகிளிசரைடு உயர்ந்தும் நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் தாழ்ந்தும் இருப்பதுதான். நம்மவர்களில் ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 90 செ.மீ.யைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பார்கள். தாண்டிய வயிற்றோடு இந்த இரண்டு எண்களும் சேர்ந்து வந்தால், சந்தேகத்தை முட்டையின் மேல் அல்ல, மாவுச்சத்தின் மேலும் சர்க்கரையின் மேலும்தான் முதலில் திருப்ப வேண்டும். நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவருக்குச் செலவாகாமல் மிஞ்சும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. அதுவே ட்ரைகிளிசரைடாக எண்ணப்படுகிறது. நெய்யைக் குறைத்தது எல்டிஎல்லுக்கு உதவும். ஆனால் ட்ரைகிளிசரைடின் ஊற்று உங்கள் தட்டில் அப்படியே இருக்கிறது.

இன்னொரு குறை புரதம். நான்கு இட்லியில் சுமார் 8 கிராம், மதியச் சாதம், சாம்பார், தயிரில் 15 கிராம், டீ பிஸ்கட்டில் மூன்று, இரவுச் சாதத்தில் பத்து என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் நாளுக்கு 36 கிராம்தான் தேறுகிறது. உங்கள் எடைக்கு அதைப் போல் இரு மடங்கு, அதாவது 75 கிராம் அளவுக்கு வேண்டும். சாப்பிட்ட சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய களஞ்சியம் தசைதான். டம்பெல் தூக்கிவிட்டுப் புரதம் கொடுக்காமல் இருந்தால் அந்தக் களஞ்சியம் பெருகாது. ஆகவே எதை நிறுத்துவது என்பதைவிட, எதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது என்று பார்ப்போம்.

காலையில் இரண்டு இட்லி, பருப்பு கூடுதலாகப் போட்ட சாம்பார், ஒரு முழு முட்டை, மேலும் இரண்டு வெள்ளைக் கரு என்றால் 20 கிராம் புரதம் வந்துவிடும். மதியம் சாதத்தைப் பாதியாக்கி, உள்ளங்கை அளவு மீனோ தோலில்லாத கோழியோ வைத்துக்கொண்டு, பொரியலையும் அதையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாதத்தைக் கடைசியில் தொடுங்கள். அந்த வேளைக்கு 30 கிராம் கிடைக்கும். பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த கொண்டைக்கடலை ஆறு கிராம் தரும். டீயில் சர்க்கரை வேண்டாம்.

சிக்கல் இரவில்தான். வெளிவட்டச் சாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் நின்று, பசியோடு வீட்டுக்குள் நுழைபவர் அளந்து சாப்பிட மாட்டார். அதனால் ஆறரை மணிக்கே அலுவலகத்தில் ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டுவிடுங்கள். வீட்டில் ஒரு சப்பாத்தியும் கெட்டியான பருப்புக் கூட்டும் போதும்; இரண்டு வேளையும் சேர்ந்து 18 கிராம் ஆகும். சாதத்துக்குப் பதில் ராகி களி தின்றால் சரியாகிவிடும் என்று இந்த ஊரில் பலர் நம்புகிறார்கள். களியும் மாவுச்சத்துதான், பெரிய உருண்டையாக உள்ளே போனால் கணக்கு மாறாது. லால்பாக்கில் நடந்துவிட்டு நேரே மசால் தோசைக்குப் போகும் கூட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்: நாற்பது நிமிட நடையில் செலவாவது ஏறக்குறைய 150 கலோரி, வெண்ணெய் மிதக்கும் தோசையில் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும்.

எல்டிஎல்லுக்காக பேக்கரி பப்ஸையும் வனஸ்பதிப் பண்டங்களையும் விடுங்கள். ஓட்ஸ், அவரை, பயறு வகைகளில் உள்ள கரையும் நார்ச்சத்து அதைச் சிறிது இறக்கும். மது அருந்துகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அருந்தினால், ட்ரைகிளிசரைடை உயர்த்துவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

தொடங்குமுன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகத்தில் குறை இருந்தால் மேலே சொன்ன புரத அளவு உங்களுக்குப் பொருந்தாது. எடையை நம்பாதீர்கள், தசை கூடினால் முள் அசையாமல் நிற்கும். மாதம் இருமுறை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்ட பின் நாடாவால் அளந்து குறித்து வையுங்கள். 12 வாரம் கழித்து, 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு மீண்டும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஒழுங்காக நடந்திருந்தால் ட்ரைகிளிசரைடுதான் முதலில் இறங்கும், எச்டிஎல் மெதுவாகத்தான் ஏறும். எல்டிஎல் உணவால் இறங்கும் அளவு குறைவு. அது 130க்குக் கீழே வராவிட்டால், அல்லது குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர் இருந்தால், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை தேவையா என்பதை மருத்துவரிடம் பேசித் தீர்மானியுங்கள்.