கஞ்சியோடு போகும் கலோரி எவ்வளவு?

கேள்வி: "அரிசியை நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியைத் தானாக வடித்துவிடும் குக்கர் ஒன்று பார்த்தேன். 100 கிராம் சோற்றில் 22 சதவீதம் கலோரி குறையும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. எடை குறைக்க நினைக்கிறேன். வாங்கலாமா?"

பதில்: இதற்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம். அட்டையில் உள்ள எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீரின் வேலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 150 கிராம் அரிசியில் சுமார் 540 கலோரி. தண்ணீர் வற்றும்படி வேகவைத்தால் 375 கிராம் சோறு கிடைக்கிறது என்று வையுங்கள். அப்போது 100 கிராமுக்கு 144 கலோரி. அதே அரிசியை வடித்தால் கஞ்சியோடு 9 கிராம் மாவுச்சத்து போகிறது, ஒரு கிராமுக்கு 4 கலோரி வீதம் 36 போய் 504 மிஞ்சுகிறது. உண்மையில் குறைந்தது 7 சதவீதம்கூட இல்லை. ஆனால் வடித்த சோறு கூடுதலாகத் தண்ணீர் குடித்து 450 கிராம் ஆகியிருந்தால், 100 கிராமுக்கு 112 கலோரி என்று வரும். இதோ உங்கள் 22 சதவீதம்! எடை பார்த்து அளந்து சாப்பிடுபவருக்கு அது ஓரளவு உதவும். பானையில் போட்ட அரிசி முழுவதையும் சாப்பிடுபவருக்குக் குறைவது அந்த 36 கலோரிதான்.

கஞ்சி கெட்டியாக இருக்கிறதே, நிறையப் போயிருக்குமே என்று தோன்றும். சூட்டில் மாவுச்சத்து நீரை இழுத்து உப்பிவிடும், அதனால் கொஞ்சமே இருந்தாலும் கெட்டியாகத் தெரியும். ஒரு ஸ்பூன் சோளமாவு ஒரு கிண்ணம் சூப்பையே இறுக்கிவிடுகிறது அல்லவா, அதுபோல.

உங்கள் வீட்டில் எவ்வளவு போகிறது என்று நீங்களே அளக்கலாம். உப்புப் போடாமல் வேகவைத்து, வடித்த கஞ்சி முழுவதையும் எடை போடுங்கள். மாவு அடியில் தங்கும், அதனால் நன்றாகக் கலக்கி 100 கிராம் எடுத்து, எடை குறித்துவைத்த அகலமான தட்டில் ஊற்றி, கருகாமல் முற்றிலும் காயவிடுங்கள். இதற்கு 0.1 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். தட்டில் 1.5 கிராம் மிஞ்சி, மொத்தக் கஞ்சி 600 கிராம் என்றால், போனது 9 கிராம். உடைந்த அரிசியிலும், குழைய வேகவைக்கும்போதும் இது கூடும். புழுங்கலரிசியில் பொதுவாகக் குறையும்.

கஞ்சியோடு பி1 போன்ற வைட்டமின்களும் கரைந்து போகின்றன என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அப்படியும் குக்கர் பிடித்திருந்தால், விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: "ஒரே அளவு அரிசி போட்டால், மொத்தச் சோற்றில் எத்தனை கலோரி குறைகிறது?" 100 கிராம் சோற்றுக் கணக்கையே திரும்பச் சொன்னால், அந்த எண்ணை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். போடும் அரிசியில் ஒரு கைப்பிடி குறைத்தாலே இந்த 36 கலோரியைவிட அதிகம் குறையும்.