சாட்பாட் பதில்களுக்கு மதிப்பெண் விதி

“சாட்பாட் பதில்களுக்கு இருவர் போடும் மார்க் ஒத்துப்போகிறதா என்று எப்படிப் பார்ப்பது?”

மதிப்பெண் விதி என்பது பரீட்சை விடைக்குறிப்பு மாதிரி. குறிப்பு இல்லாவிட்டால் ஒரே தாளுக்கு ஒருவர் 4 போடுவார், இன்னொருவர் 2 போடுவார். “பதில் நன்றாக உள்ளதா?” என்று கேட்காமல், “தவறான தகவல் உள்ளதா?” என்று கேளுங்கள்.

அப்புறம் ஒரே 100 பதில்களை இருவரிடமும் தனித்தனியாகக் கொடுங்கள். 84-ல் ஒத்துப்போனார்கள் என்றால் பிரமாதமாகத் தெரியும். ஆனால் இருவருமே 90 பதில்களுக்கு ‘சரி’ போட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் சுமார் 82 ஒத்துப்போகும் (0.9×0.9 + 0.1×0.1). இந்தத் தற்செயலைக் கழித்துப் பார்ப்பதுதான் கோஹன் கப்பா என்ற அளவு: (0.84−0.82)/(1−0.82), அதாவது வெறும் 0.11. முரண்பட்ட 16 பதில்களையும் இருவரோடு உட்கார்ந்து பேசினால், விதியில் எந்த வரி குழப்புகிறது என்று தெரிந்துவிடும்.

கப்பா உயர்ந்தால் மார்க் சரி என்று பலர் நினைக்கிறார்கள். இருவரும் ஒரே தவறைச் செய்தாலும் அது உயரும்.