நீட் ஹால் டிக்கெட்: மூன்று பக்கமும் ஒரு தண்ணீர் பாட்டிலும்

"சார், எங்களுக்கு உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். மகள் நீட் எழுதுறா. சென்டர் மதுரை ஒத்தக்கடை பக்கம் போட்டிருக்கு. ஹால் டிக்கெட்டை கம்ப்யூட்டர் சென்டர்ல எடுத்தாச்சு. ப்ளஸ் டூவுக்குக் கொண்டுபோன பேனா, ஸ்கேல் பையையே கொடுத்து விடலாமா? வேற என்ன எடுத்துட்டுப் போகணும், என்னென்ன உள்ள விட மாட்டாங்க?"

அந்தப் பையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ப்ளஸ் டூவுக்கு நல்ல பேனா நாலு இருந்தால் தைரியம். நீட்டில் பேனாவே கொண்டுபோகக் கூடாது. விடை குறிக்கிற ஓஎம்ஆர் தாளில் வட்டங்களைக் கறுப்பாக்குவதற்கான பால்பாயின்ட் பேனாவை அறையிலேயே கொடுத்துவிடுவார்கள். பென்சில், ரப்பர், ஸ்கேல், ஜாமெட்ரி பாக்ஸ், பரீட்சை அட்டை, கால்குலேட்டர் எதற்கும் அனுமதி கிடையாது. கணக்குப் போட்டுப் பார்க்க வினாத்தாள் புத்தகத்திலேயே இடம் விட்டிருப்பார்கள்.

உங்கள் மகள் கையில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான்: ஹால் டிக்கெட்டின் மூன்று பக்கங்கள், ஒரிஜினல் அடையாள அட்டை ஒன்று, தனியாக ஒரு பாஸ்போர்ட் அளவு போட்டோ, உள்ளே இருப்பது தெரிகிற தண்ணீர் பாட்டில். மாற்றுத்திறனாளி என்றால் அதற்கான சான்றிதழும் வேண்டும். சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகள் மாத்திரை, பழம் கொண்டுபோகலாம். மருத்துவர் சீட்டும் கூட இருந்தால் வாசலில் பேச்சு வளராது.

பட்டியல் சின்னதுதான். ஆனால் வாசலில் தகராறு ஆவதெல்லாம் இதில் முதலாவதாக உள்ள ஹால் டிக்கெட்டில்தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் மூன்று பக்கமும் பிரிண்ட் ஆகியிருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். கம்ப்யூட்டர் சென்டரில் கூட்டம் நிற்கும்போது முதல் பக்கத்தை மட்டும் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவது உண்டு. முதல் பக்கத்தில் தேர்வு மைய விவரமும் உறுதிமொழிப் படிவமும் இருக்கும். இரண்டாம் பக்கம் அஞ்சலட்டை அளவு போட்டோ ஒட்டுவதற்கு. மூன்றாவது, அறிவுரைகள். ஏ4 தாளில், லேசர் பிரிண்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மே மாத வெயிலில் வியர்த்த கையோடு பிடித்தால் இங்க்ஜெட் பிரிண்டில் எழுத்து கலங்கிவிடும், பசை பட்ட இடமும் கரையும்.

போட்டோ விஷயத்தில் விண்ணப்பத்தில் ஏற்றிய அதே படம்தான் வேண்டும். பின்னணி வெள்ளை. அஞ்சலட்டை அளவு என்றால் 4 அங்குலம் அகலம், 6 அங்குலம் உயரம். அந்தப் படத்தின் ஃபைல் ஸ்டுடியோவில் இல்லையென்று கைவிரித்துவிட்டால், விண்ணப்பம் போட்ட இடத்தில் கிடைக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். தேர்வு ஞாயிற்றுக்கிழமை நடக்கிற பரீட்சை. சனிக்கிழமை ராத்திரி ஸ்டுடியோக்காரரை எழுப்ப முடியாது. அஞ்சலட்டை அளவில் இரண்டும், பாஸ்போர்ட் அளவில் ஆறும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்குப் பசைதான். ஸ்டேப்ளர் பின் வேண்டாம், அது உலோகம்.

அடுத்து கைரேகை. ஆண், பெண் வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் இடது கைப் பெருவிரல். ரேகை தெளிவாக, அப்பிப்போகாமல் இருக்க வேண்டும் என்று அறிவுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். எண்ணெய்ப் பசை போக விரலைக் கழுவி, ஈரம் போகத் துடைக்கச் சொல்லுங்கள். ஸ்டாம்ப் பேடில் லேசாகத் தொட்டு முதலில் ஒரு வேஸ்ட் பேப்பரில் வைக்கட்டும். அதில் மை கொழகொழவென்று விழும். மறுபடி மை தொடாமல், அதே விரலை ஹால் டிக்கெட் கட்டத்தில் நேராக வைத்து நேராக எடுக்கட்டும். உருட்டினால் அப்பும். கோடு கோடாகத் தெரிந்தால் சரி. நீலமாக ஒரு பொட்டு மாதிரி இருந்தால் அந்தப் பக்கத்தை வேறு பிரிண்ட் எடுத்து மறுபடி வையுங்கள். அதே கட்டத்துக்குள் இரண்டாவது தடவை அமுக்கினால் இரண்டு ரேகையும் கெடும். பத்து நிமிடம் காயவிட்டு எடுத்து வையுங்கள். தேர்வு மையத்திலும் பயோமெட்ரிக் பதிவு உண்டு. ஆகையால் அந்த வாரம் விரல் நுனியில் மருதாணி வேண்டாம்.

கையெழுத்தில்தான் அவசரப்படுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழேயும் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். சில கட்டங்களை வீட்டிலேயே நிரப்ப வேண்டும், பெற்றோர் கையெழுத்து அந்த வகை. சிலவற்றில் 'அறைக் கண்காணிப்பாளர் முன்னிலையில்' என்று இருக்கும். அந்தக் கட்டத்தை வெறுமையாகவே கொண்டுபோக வேண்டும். நான் ஒரு மையத்தில் வாசல் பணியில் இருந்த வருடம், செக்கானூரணி பக்கத்துப் பையன் ஒருவன் முந்தின நாள் ராத்திரியே உட்கார்ந்து எல்லாக் கட்டத்திலும் அழகாகக் கையெழுத்துப் போட்டு வந்துவிட்டான். ஹால் டிக்கெட்டில் இன்னொரு காப்பியும் கைவசம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஜெராக்ஸ் கடைகள் எல்லாம் ஷட்டர் போட்டிருந்தன. அவனுடைய அப்பா, யாரோ ஒருவருடைய பைக்கில் ஏறிப் போய், ஒரு கடைக்காரரை வீட்டிலிருந்து கூட்டிவந்து திறக்கச் சொல்லி, புது பிரிண்ட் எடுத்து வந்தார். போட்டோ ஒட்டி அவன் உள்ளே போகும்போது மணி 1.20. வாசல் மூடுவது 1.30.

அதனால் மூன்று செட் பிரிண்ட் எடுங்கள். ஒன்று, வீட்டில் நிரப்ப வேண்டியதையெல்லாம் நிரப்பியது, மகள் கையில். இரண்டாவது போட்டோ மட்டும் ஒட்டி, மற்றது காலியாக, பசையோடும் ஸ்டாம்ப் பேடோடும் உங்கள் பையில். மூன்றாவது வீட்டில். நிரப்பிய ஹால் டிக்கெட்டையும் போட்டோ படிவத்தையும் தேர்வறையில் கண்காணிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும். பிறகு கலந்தாய்வுக்கு ஹால் டிக்கெட் கேட்பார்கள். அப்போது தேடி அலையாமல் இருக்கத்தான் மூன்றாவது.

அடையாள அட்டையில் ஒரே விதி, ஒரிஜினல். ஆதார், இ-ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், ப்ளஸ் டூ ஹால் டிக்கெட் இவற்றில் ஒன்று. ஜெராக்ஸில் அட்டெஸ்டேஷன் வாங்கியிருந்தாலும் ஏற்க மாட்டார்கள். போனில் இருக்கிற படமும் செல்லாது. நம் ஊரில் இனிஷியல் ஒரு தொல்லை. ஹால் டிக்கெட்டில் பெயருக்குப் பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், அல்லது அப்பா பெயர் முழுசாக நிற்கும். அப்படி இருந்தால் ஆதாரோடு ப்ளஸ் டூ ஹால் டிக்கெட்டையும் கையில் கொடுத்துவிடுங்கள். முகமும் பெயரும் இரண்டிலும் பொருந்தினால் கேள்வி குறையும்.

இனி உள்ளே விடாதவை. போன், வாட்ச், ப்ளூடூத், இயர்போன், கையில் கட்டுகிற ஹெல்த் பேண்டு இவையெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். நேரம் பார்க்க அறையில் சுவர்க் கடிகாரம் இருக்கும். பர்ஸ், கைப்பை, பெல்ட், தொப்பி, கூலிங் கிளாஸ், துண்டுக் காகிதம், சாப்பாட்டுப் பொட்டலம் கூடாது. பொருள்களை வாங்கி வைக்க மையத்தில் ஏற்பாடு கிடையாது. எதைக் கழற்றினாலும் வெளியே நிற்கிற உங்கள் கையில்தான் வந்து சேர வேண்டும். அதனால் அவளைத் தனியாக இறக்கிவிட்டு நகர வேண்டாம். தண்ணீர் பாட்டிலில் சுற்றியிருக்கிற லேபிளையும் உரித்துவிடுங்கள்.

உடைக்கு, அரைக்கை வைத்த மெல்லிய சுடிதார் போதும். முழுக்கை கூடாது. காலுக்குச் செருப்பு, குதிகால் உயரம் இல்லாதது. ஷூ கூடாது. சமய வழக்கப்படி உடை உடுத்துகிறவர்களுக்குத் தடையில்லை. சோதனைக்கு நேரம் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே வந்துவிட வேண்டும். தோடு, செயின், வளையல், கொலுசு எல்லாம் வீட்டில் இருக்கட்டும். மூக்குத்தியை முந்தின நாளே கழற்றிப் பாருங்கள். திருகு இறுகிப் போய் வாசலில் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், சோப்புத் தண்ணீர் கேட்டு ஓட வேண்டியதாயிற்று. கோயில் கயிறு கட்டியிருந்தால் அதையும் வீட்டிலேயே அவிழ்த்துவிடுவது நல்லது. வாசலில் கத்தரிக்கோலால் வெட்டச் சொன்னால் பிள்ளையின் மனசு கலங்கிவிடும்.

பயணத்துக்கு வருவோம். பரீட்சை 2 மணி. ஆனால் வர வேண்டிய நேரம் என்று ஒவ்வொருவருக்கும் ஹால் டிக்கெட்டில் தனியாக அச்சிட்டிருப்பார்கள். உங்களுடையதில் 11.30 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உசிலம்பட்டி பஸ் ஆரப்பாளையத்தில் நிற்கும். அங்கிருந்து ஊருக்குக் குறுக்கே மாட்டுத்தாவணி தாண்டி ஒத்தக்கடை போக வேண்டும். சாதாரண ஞாயிறு என்றால் காலை 7.30-க்குக் கிளம்பினாலே 10 மணிக்குள் போய்விடலாம். ஆனால் நீட் வருவது சித்திரைத் திருவிழா சமயம். 2023-ல் அழகர் ஆற்றில் இறங்கியது மே 5, நீட் மே 7. அழகர் மலைக்குத் திரும்புகிறவரை கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம் பஸ் எந்தத் தெருவில் திரும்பும் என்று டிரைவருக்கே தெரியாது. தேதியைப் பார்த்து, திருவிழா நாளோடு ஒட்டி வந்தால் ஆறு மணிக்கே புறப்படுங்கள், அல்லது முந்தின நாளே ஒத்தக்கடை பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள்.

வாசலுக்குப் போவதற்குச் சற்று முன்பாகச் சாப்பிட வையுங்கள், தயிர்சாதம் மாதிரி. உள்ளே போனால் 5 மணி வரை வெளியே விட மாட்டார்கள். பரீட்சையின் முதல் ஒரு மணி நேரமும் கடைசி அரை மணி நேரமும் பாத்ரூம் போகவும் கட்டுப்பாடு உண்டு. ஆகவே 1.30-க்குள் போய்விட்டு வந்து உட்காரட்டும்.

முடிந்ததும் ஓஎம்ஆர் தாளில் ஒரிஜினல், ஆபீஸ் காப்பி இரண்டையும் திருப்பிக் கொடுத்து, வருகைப் பதிவில் இரண்டாவது கையெழுத்தையும் போட வேண்டும். வினாத்தாள் புத்தகத்தை மட்டும் எடுத்துவரலாம். நான் சொன்னவற்றுக்கும் இந்த ஆண்டு ஹால் டிக்கெட்டின் மூன்றாம் பக்கத்துக்கும் எங்காவது வித்தியாசம் இருந்தால் அந்தப் பக்கத்தைத்தான் நம்ப வேண்டும்.

இன்னொன்று. ஐந்து மணிக்கு ஆயிரம் பேர் ஒரே வாசலில் வெளியே வருவார்கள், மகளிடம் போன் இருக்காது. உள்ளே அனுப்புகிறபோதே எதிரில் இருக்கிற டீக்கடையையோ வேப்ப மரத்தையோ காட்டி, "இங்கதான் நிப்பேன்" என்று சொல்லிவிட்டு, அங்கேயே நில்லுங்கள்.